வளைவு வழியே வந்த விடை

எந்தக் கூட்டமானாலும் எல்லாரும் தலையாட்டி முடித்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்கும் நேரத்தில்தான் அவள் வாய் திறப்பாள். “ஆனா…” என்று ஆரம்பிப்பாள். எழுந்தவர்கள் மறுபடி உட்கார வேண்டிவரும். அப்படித்தான் அவளுக்கு ‘ஆனா டீச்சர்’ என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவர் பக்கத்து மேசை இயற்பியல்காரர் என்று ஒரு பேச்சு உண்டு. அவரோ அது மாணவர்களின் வேலை என்பார். யார் வைத்திருந்தாலும், அந்தக் கல்லூரியின் கணிதத் துறையில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

தற்காலிக விரிவுரையாளர். வருடா வருடம் கல்லூரி திறப்பதற்கு முந்தின வாரம் ஒரு தாள் வரும். அது வந்தால் அவள் இருக்கிறாள். வராவிட்டால் இல்லை. காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தத் தாளுக்காகக் காத்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் அவளும் தங்கையும்தான். தங்கை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிற எனக்கு உன் நோட்டில் இருப்பது மட்டும் புரியவில்லையே என்பாள்.

அந்த வருடம் ஒரு நிரந்தர இடம் காலியாகியிருந்தது. நேர்காணல் விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்த கையோடு. தேர்வுக் குழுவில் துறைத்தலைவர் இருப்பார். முகாமுக்குத் தலைமைத் தேர்வாளரும் அவரேதான். எல்லாரும் அவரைச் ‘சீஃப்’ என்பார்கள். மெல்லிய குரல். சர்க்கரை நோய்க்காரர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பிஸ்கட். ஆறேழு மாதத்தில் ஓய்வு. “இந்தத் தடவ உனக்குத்தான்மா. நான் போறதுக்குள்ள உன்ன ஒரு நாற்காலில உக்கார வெச்சிட்டுப் போறேன்,” என்று அவளிடம் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

முகாம் நடந்தது விளையாட்டு உள்ளரங்கத்தில். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே வரிசையாக நீள மேசைகள். மேலே மின்விசிறிகள் காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் தந்தன. காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. சணல் கயிற்றை அவிழ்த்துத் திருத்தி, கூட்டல் சரிபார்க்கக் கொடுத்து, மறுபடி கட்டி அரக்கு வைத்து, இரும்புக் கதவுள்ள அறைக்கு அனுப்பிவிட வேண்டும். உள்ளே போன கட்டு திரும்பி வராது. தாள்களில் மாணவர் பெயர் இருக்காது, கல்லூரியும் இருக்காது. யாரென்று கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு மறை எண் மட்டும். மேசைக்கு மேசை விடைக்குறிப்பின் நகல் ஒன்றைச் செலோடேப்பால் ஒட்டியிருந்தார்கள். கேள்வித்தாளும் சீஃப் போட்டதுதான், விடைக்குறிப்பும் அவர் எழுதியதுதான்.

ஒன்பதாவது கேள்வி ஆறு மார்க். ஒரு சார்பு: x²y-ஐ x⁴ + y² ஆல் வகுக்க வேண்டும், ஆதிப்புள்ளியில் மட்டும் மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆதிப்புள்ளியில் இது தொடர்ச்சியானதா, காரணம் தருக.

விடைக்குறிப்பு நான்கே வரி. ஆதிப்புள்ளிக்கு y = mx என்கிற நேர்க்கோட்டின் வழியே வருக. சார்பு mx-ஐ x² + m² ஆல் வகுத்ததாகச் சுருங்கும். x பூஜ்யத்தை நெருங்க, அதுவும் பூஜ்யத்தை நெருங்கும். எந்த m ஆனாலும் அப்படியே. நிமிர்ந்து நிற்கும் கோட்டிலும் பூஜ்யம்தான். ஆகவே எல்லை பூஜ்யம், சார்பு தொடர்ச்சியானது.

முதல் நாள் அதைப் படித்தபோது அவளுக்கு ‘ஆனா’ வரவில்லை. ஏன் வரவில்லை என்று பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். ‘எந்த m ஆனாலும்’ என்ற சொற்கள் ஊரையே விருந்துக்கு அழைத்தது மாதிரி தாராளமாக இருந்தன. யாரும் விட்டுப் போயிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அடியில் சீஃபின் சுருண்ட கையெழுத்து வேறு. இருநூறு முறை சரியாகச் சொன்ன வாய் இருநூற்றோராவது முறையும் சரியாகத்தான் சொல்லும் என்று யார்தான் நினைக்கமாட்டார்கள். தவிர, திருத்தும் கை ஒரு வேகம் பிடித்தபின் கண் வாசிப்பதில்லை, தேடுகிறது. கடைசி வரியில் ‘தொடர்ச்சியானது’ இருக்கிறதா, ஆறு. அடுத்தது.

அன்று மதியக் கட்டில் ஒரு தாள். சாய்ந்த சின்ன எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. அதில் நேர்க்கோடே இல்லை. x-க்கு 1/n, y-க்கு 3/n² என்று எடுத்திருந்தது. n வளர வளரப் புள்ளிகள் ஆதிப்புள்ளியை நெருங்குகின்றன, ஆனால் சார்பின் மதிப்பு ஒவ்வொரு புள்ளியிலும் 3/10, ஆகவே தொடர்ச்சியற்றது. அவ்வளவுதான். அவள் அந்த மூன்றைப் பார்த்தாள். எங்கிருந்து குதித்தது இது. ஏதோ பயிற்சிக் கணக்கை மனப்பாடம் செய்துவந்து இங்கே ஒட்டவைத்திருக்கிறது பிள்ளை என்று நினைத்தாள். ஓரத்தில் சிவப்பு மையில் ‘ஏன் 3?’ என்று எழுதி, சுழித்து, பூஜ்யம் போட்டாள். மின்விசிறிக் காற்றில் தாள் தானாகவே புரண்டது.

மூன்றாம் நாள் காலையில் இன்னொரு கட்டில் இன்னொரு தாள். வேறு கையெழுத்து, கோழி கிளறியது போல. இதில் x-க்கு 1/n, y-க்கு 1/n². மதிப்பு ஒன்றின் கீழ் இரண்டு. தொடர்ச்சியற்றது.

பேனா பூஜ்யத்தைப் பாதி வளைத்தபிறகு நின்றது.

அவள் கசங்கிக் கிடந்த டீக்கடைப் பொட்டலத் தாள் ஒன்றை விரித்து அதில் போட்டுப் பார்த்தாள். மேலே, 1/n²-ஐ 1/n²-ஆல் பெருக்கினால் 1/n⁴. கீழே, 1/n⁴-உம் இன்னொரு 1/n⁴-உம். வகுத்தால் பாதி. n பத்தானாலும் பாதி, கோடியானாலும் பாதி. ஒரு சார்புக்கு ஒரு புள்ளியில் எல்லை இருக்கிறதென்றால், அந்தப் புள்ளியை நெருங்குகிற எந்தத் தொடர்வரிசையை எடுத்தாலும் மதிப்புகள் அந்த ஒரே எண்ணில்தான் போய்ச் சேர வேண்டும். இங்கே x-அச்சின் மேலேயே 1/n, 0 என்று வந்தால் பூஜ்யம். 1/n, 1/n² என்று வந்தால் பாதி. இரண்டு தொடர்வரிசை, இரண்டு முடிவு. எல்லையே கிடையாது. கணக்கு அதோடு தீர்ந்தது. அதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம்.

பிறகுதான் முதல் நாள் தாளின் மூன்று ஞாபகம் வந்தது. மேலே 3/n⁴. கீழே 1/n⁴-உம் 9/n⁴-உம், ஆகப் பத்து. பத்தில் மூன்று. சின்ன எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை.

“என்ன டீச்சர், பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்றார் எதிரில் இருந்தவர். ஒல்லியான ஆள், வேறு கல்லூரிக்காரர். யாரையாவது குத்திக்கொண்டே இருப்பதால் முகாமில் அவர் பெயர் குண்டூசி.

அவள் பொட்டலத் தாளைத் தள்ளினாள். அவர் படித்தார். உதட்டைப் பிதுக்கினார். இன்னொரு முறை படித்தார்.

“ஐயோ பாவம்,” என்றார்.

“யாரு?”

“நாமதான். இதுவரைக்கும் எத்தன கட்டு முடிச்சிருப்போம்? நீங்க இத எங்கிட்ட காட்டல. நான் பாக்கல. டீ ஆறுது, குடிங்க.”

“சார், விடைக்குறிப்பே தப்பு.”

“தப்புதான். நேர் வழில வந்தவனுக்கெல்லாம் ஆறு, வளஞ்சு வந்தவனுக்கு முட்டை. உலகத்துல இங்க ஒரு எடத்துலதான் நேர்மைக்கு மதிப்புன்னு வெச்சுக்குங்களேன்.” சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு குரலைத் தாழ்த்தினார். “நேர்காணல் எப்ப?”

“அடுத்த மாசம்.”

“குழுவுல யாரு?”

அவள் பார்வை சீஃபின் மேசைப் பக்கம் போனது.

“அப்பறம் என்ன ஆனா?” என்றார் குண்டூசி, கொஞ்சம் அன்பாகவே.

சீஃபின் மேசை அரங்கத்தின் மறுகோடியில், அடுக்கி வைத்த உடற்பயிற்சிப் பாய்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் போய் நின்றபோது பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். “சொல்லும்மா.” அவள் பொட்டலத் தாளை நீட்டினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பார்த்த மறுகணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை அவள் கண்டாள். நனைந்த பிஸ்கட் பாதி ஒடிந்து டீக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்க முயலவில்லை.

“நான் வகுப்புல சொல்லிக் குடுக்கற கணக்கும்மா இது,” என்றார் கடைசியில். “கோடு பத்தாதுன்னு காட்டறதுக்குன்னே வெச்சிருக்கற கணக்கு. நானே சொல்லியிருக்கேன்.”

“தெரியும் சார்.”

“எப்படி இப்படி எழுதினேன்.” அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. “கண்ணுல மருந்து விட்டுட்டு உக்காந்து எழுதினது. பாதில நிறுத்திட்டுப் போயிருக்கணும். கோடு வரைக்கும் எழுதிட்டு, மறுநாள் வந்து மேல பாத்து ‘ஆகவே’ போட்டுட்டேன்போல.”

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். அதற்குள் முகம் அலுவலக முகமாகியிருந்தது.

“சரி. இப்பலேர்ந்து ரெண்டு விடைக்கும் முழு மார்க். தொடர்ச்சின்னு எழுதினாலும் ஆறு, இல்லன்னு எழுதினாலும் ஆறு. எல்லா மேசைக்கும் சொல்லிடறேன். யாருக்கும் நஷ்டமில்ல.”

“தப்பா எழுதினவங்களுக்கும் ஆறா சார்?”

“நம்ம குறிப்புப்படி எழுதியிருக்காங்களேம்மா. அவங்கள எப்படிக் கொறைக்க முடியும்?”

“ஆனா…” என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். “முடிஞ்ச கட்டெல்லாம்? அதுல சரியா எழுதினவங்க?”

“எத்தன பேர் எழுதியிருப்பாங்க? நூத்துல ஒண்ணு.”

“ஒண்ணு நான் பாத்தேன் சார். நானே சைபர் போட்டேன்.”

“அரக்கு வெச்சாச்சும்மா. பிரிக்கணும்னா விடைக்குறிப்பு தப்புன்னு தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு நான் எழுதிக் குடுக்கணும். எழுதினா விசாரணை. விசாரணை நடந்தா ஓய்வூதியம் நிக்கும்.” பிஸ்கட் கரைந்த டீயை ஓரமாகத் தள்ளினார். “எனக்கு ஒண்ணுமில்ல. வீட்டுல இருக்கறவளுக்கு வாரம் ரெண்டு தடவ டயாலிசிஸ். அதான்.”

மதியம் மேசை மேசையாக வாய்மொழி உத்தரவு வந்தது. அந்த வேளைக்கு முன்னால் கட்டப்பட்ட தாள்களில் வளைவு வழியே வந்தவர்களுக்குப் பூஜ்யம். அந்த வேளைக்குப் பின்னால் அதே விடைக்கு ஆறு. இடமிருந்து வந்தால் ஒன்று, வலமிருந்து வந்தால் ஒன்று. தொடர்ச்சியின்மைக்கு இதைவிட எளிய உதாரணத்தை எந்தப் பாடநூலும் கொடுத்திருக்காது. குண்டூசி அதைச் சொல்லி ஒருமுறை சிரித்தார். பிறகு அவரும் குனிந்து திருத்த ஆரம்பித்தார்.

வீட்டில் தங்கை சாப்பாட்டுத் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, அவள் தொடாததைப் பார்த்து, தட்டை நகர்த்திவிட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். “எனக்குப் புரியற மாதிரி சொல்லு. எல்லாக் கோட்டுலயும் வந்தா பூஜ்யம். அப்பறம் எங்க மிச்சம் இருக்கு வழி?”

அவள் கட்டில் விரிப்பை நீவித் தட்டையாக்கினாள். விரிப்பின் நடுவில் ஒரு சின்னப் பூ அச்சிட்டிருந்தது, அதுதான் ஆதிப்புள்ளி. துணியைக் கிள்ளி ஒரு மெல்லிய மடிப்பை எழுப்பினாள். அந்த மடிப்பு வளைந்து வளைந்து, கிடைக்கோட்டை உரசிக்கொண்டே பூவில் போய் முடிந்தது.

“இந்த மடிப்போட உயரம் பாதி. இப்ப நீ ஓரத்துலேர்ந்து பூவுக்கு வெரல நேரா கொண்டுபோ.”

தங்கை விரலை நடத்தினாள். விரல் மடிப்பில் ஏறியது, இறங்கியது, தட்டையில் நடந்து பூவை அடைந்தது.

“இன்னும் சாஞ்ச கோட்டுல வா.”

மறுபடி ஏறி இறங்கி, தட்டை. இந்த முறை மடிப்பு பூவுக்குக் கிட்டத்தில் குறுக்கிட்டது.

“எவ்வளவு சாஞ்சாலும் பூவுக்கு முன்னாடி ஒரு எடத்துல மடிப்பத் தாண்டிடுவ. தாண்டினப்பறம் கீழதான். அதனால நேரா வர்ற யாரும் கடைசில உயரத்தப் பாக்கறதே இல்ல. மடிப்பு மேலயே நடந்து வர்றவன் மட்டும் பாதி உயரத்துலயே வந்து சேருவான். அவனுக்குக் கடைசி அடில பள்ளம்.”

தங்கை மடிப்பின் மேல் விரலை நடத்தி, பூவின் விளிம்பில் நிறுத்தினாள். “அவன் ஒருத்தன் சொன்னா போதுமா? மத்த அத்தன பேரும் தட்டைன்னு சொல்றாங்களே.”

“ஒருத்தன் போதும்.”

“கணக்குல,” என்றாள் தங்கை.

விரலை எடுத்துவிட்டு, “அந்தத் தாளு யாரோடதுன்னே தெரியாதுல்ல?” என்று கேட்டாள்.

“தெரியாது.”

“அந்தப் புள்ளைக்கும் உன்னத் தெரியாது.”

“தெரியாது.”

“அப்பறம் என்னக்கா. நிரந்தரமாயிட்டா அப்பறம் எத்தன பேருக்கு வேணும்னாலும் நல்லது பண்ணலாம்.” இதைச் சொல்லிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். “நான் சொல்லலன்னு வெச்சுக்க,” என்று தட்டை மறுபடி முன்னால் நகர்த்தினாள்.

மறுநாள் அவள் ஒரு மனு எழுதினாள். கட்டுப்பாட்டு அதிகாரிக்கு. யார் மேலும் புகார் இல்லை. ஒன்பதாவது கேள்வி, இரண்டு தொடர்வரிசை, இரண்டு எண். வாய்மொழி உத்தரவுக்கு முந்தின கட்டுகளைப் பிரித்து அந்த ஒரு கேள்வியை மட்டும் பார்க்க அனுமதி வேண்டும்; நானே உட்கார்ந்து பார்க்கிறேன். அடியில் தன் கையெழுத்து.

சாயங்காலமே பதில் வந்தது. கட்டுகளைப் பிரிக்கத் தலைமைத் தேர்வாளரின் பரிந்துரை தேவை. அல்லது சம்பந்தப்பட்ட மாணவரே முடிவு வந்தபின் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாவது பத்தியில், விடைத்தாள் விவரத்தை முகாமுக்கு வெளியே எடுத்துச் சென்றதால் முகாமிலிருந்து விடுவிக்கப்படுவதாக இருந்தது. வெளியே என்று அவர்கள் சொன்னது படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த, அவள் மனு கொடுத்த அதே அலுவலகத்தைத்தான்.

அவள் தன் சிவப்புப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தபோது குண்டூசி தலை நிமிரவில்லை. சீஃப் வாசல்வரை வந்தார். “நான் உன்மேல எழுதலம்மா. அது தெரியணும் உனக்கு.”

“தெரியும் சார்.”

“பரிந்துரையும் எழுத முடியல.”

“அதுவும் தெரியும்.”

நேர்காணலில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சீஃப் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். வேறொருவர், முகாமில் ஏதோ ஒழுங்குப் பிரச்சினை என்று கேள்விப்பட்டேனே என்றார். அவள் விளக்க ஆரம்பித்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இடம் வேறொருவருக்குப் போனது. அந்த வருடம் கல்லூரி திறப்பதற்கு முந்தின வாரம் வரவேண்டிய தாளும் வரவில்லை. யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. சும்மா, வரவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பழைய மரச்சாமான் கடையின் மாடியில் ஒரு டுடோரியல் இருந்தது. கணிதத்தில் தோற்றவர்களுக்கு மட்டும். எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் வருவார்கள். தகரக் கூரை, மழை பெய்தால் பாடம் நிற்கும். கீழே மரம் இழைக்கும் மின்சார இழைப்புளி ஓடினால் பலகையில் மரத்தூள் படியும், சாக்குக்கட்டி வழுக்கும். அங்கே சேர்ந்து அவள் பாடம் எடுக்கத் தொடங்கியபோது ‘ஆனா டீச்சர்’ என்ற பெயர் கூடவே வரவில்லை. அங்கே எல்லாருமே ‘மேடம்’தான்.

தோற்றவர்கள் மறுதேர்வு எழுத மூன்று வாரம் இருந்தபோது தொடர்ச்சி என்கிற பாடம் வந்தது. அவள் அந்தச் சார்பைப் பலகையில் எழுதினாள். எழுதாமல் விட்டிருக்கலாம். கை எழுதிவிட்டது.

“இது ஆதிப்புள்ளில தொடர்ச்சியா?”

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். துப்பட்டாவை ஊசி குத்திச் சீராக வைத்திருந்தாள். “தொடர்ச்சியானதுதான் மேடம். y = mx போட்டா எல்லா m-க்கும் பூஜ்யம் வருது.” ஒரு மூச்சில், படபடவென்று, மனப்பாடம் ஒப்பிக்கிற குரலில்.

“எல்லாக் கோட்டுலயும் வந்துட்டா போதுமா?”

“போதும் மேடம்.” நின்றாள். “போன தடவ எனக்கு அது தெரியல. தொடர்வரிசை எடுத்துத் தப்பு பண்ணிட்டேன்.”

சாக்குக்கட்டி நின்றது. “என்ன எடுத்தீங்க?”

“ஒண்ணின் கீழ் n, மூணின் கீழ் n ஸ்கொயர். பத்துல மூணுன்னு வந்துச்சு. சைபர். நாலு மார்க்குல போச்சு மேடம்.”

கீழே இழைப்புளி ஓட ஆரம்பித்தது. அது ஓய்வதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள், பலகைப் பக்கம் திரும்பி, எழுதியதையே பார்த்துக்கொண்டு.

“மறுமதிப்பீடு கேக்கலயா?” என்றாள் சத்தம் நின்றதும்.

“நகல் வாங்கிப் பாத்தேன் மேடம். திருத்தினவங்க ஓரத்துல ‘ஏன் 3?’னு எழுதியிருந்தாங்க. எனக்குப் பதில் தெரியல. சும்மாதான் மூணு போட்டேன். ஒண்ணு போட்டா எல்லாரும் போடற மாதிரி இருக்குமேன்னு.” லேசாகச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள். “அவ்வளவு பெரிய ஆளு, ஏன்னு கேக்கறாங்கன்னா நான்தானே தப்பு. அதான் விட்டுட்டேன். வீட்டுலயும், ஒரு தடவ பாத்தாச்சுல்ல, போதும்னுட்டாங்க.”

அவள் பலகையைத் துடைக்கவில்லை. கீழே, சிறிய எழுத்தில், 1/n, 3/n² என்று எழுதினாள். மேலே 3/n⁴. கீழே 10/n⁴. பத்தில் மூன்று. அதற்கடியில் மூன்றுக்குப் பதில் k போட்டால் k-ஐ 1 + k²-ஆல் வகுத்தது வரும் என்று எழுதினாள். ஒவ்வொரு k-க்கும் ஒரு வளைவு. பூஜ்யத்தைத் தவிர எந்த k எடுத்தாலும் பூஜ்யம் வராது.

“ஏன் மூணுன்னா, காரணம் ஒண்ணும் வேண்டாம்,” என்றாள். “மூணும் போடலாம், ஒண்ணும் போடலாம், நூறும் போடலாம். ஏதோ ஒண்ணு போட்டாலே போதும், எல்லை இல்லன்னு ஆயிடும். நீங்க எழுதினது முழுக்கச் சரி. கேட்டவங்கதான் யோசிக்காம கேட்டுட்டாங்க.”

பின்பெஞ்சுப் பெண் பலகையை மேலிருந்து கீழாகப் படித்தாள், உதடுகள் அசைந்தன. புரிந்துவிட்டது. முகத்தில் ஒரு நொடி ஒரு வெளிச்சம் ஓடியது, அதை ஆனா டீச்சர் பார்த்தாள். பிறகு அது போய்விட்டது.

“உங்களுக்கு எப்படி மேடம் தெரியும், யோசிக்காம கேட்டாங்கன்னு?”

சாக்குக்கட்டியின் தூள் விரலிடுக்கில் இருந்தது. அவள் அதைத் தேய்த்தாள்.

“நான்தான் கேட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் அவளைப் பார்த்தபடியே மெதுவாக உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவளோ நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றாமலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இந்தத் தடவ வந்தா எதை எழுதணும் மேடம்?”

அதற்கான பதில் அவளுக்குத் தெரியும். இரண்டில் எதை எழுதினாலும் ஆறு, அப்படி ஒரு உத்தரவு இருந்தது. அது இந்தத் தடவையும் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. எழுத்தில் எங்கும் கிடையாது.

“பத்துல மூணுன்னே எழுதுங்க,” என்றாள்.

“மறுபடி யாராவது ஏன்னு கேட்டா?”

கீழே இழைப்புளி மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் வாய் திறந்தாள். ‘ஆனா’ என்று ஆரம்பிக்கிற எதுவோ வந்தது, சத்தத்தில் போயிற்று.

சத்தம் நின்றபோது அந்தப் பெண், மரியாதையாக, கிட்டத்தட்ட ஆறுதல் சொல்வது போலச் சொன்னாள்: “இருக்கட்டும் மேடம். நான் கோடே போட்டுக்கறேன். எனக்குப் பாஸாகணும்.”

மூடியைக் கழற்றி, அளவுகோலை வைத்து, ஆதிப்புள்ளி வழியே நேராக ஒரு கோடு இழுத்தாள்.